உம்மாவுக்கு ஒரு மலையாளச் செய்தி

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கோழிக்கோட்டைச் சேர்ந்த ஒரு குடும்பம் இருக்கிறது. கணவருக்குச் சீனக்குடாப் பக்கத்தில் வேலை. மனைவியை நான் தாத்தா என்று கூப்பிடுவேன். இந்த ஒரு சொல்லே எங்கள் ஊரில் மூன்று வேலை செய்கிறது. எங்கள் வீட்டில் தாத்தா என்றால் மூத்த சகோதரி, என்னோடு படிக்கும் தமிழ்த் தோழிக்கு அம்மாவின் அப்பா, சிங்களத் தோழிக்கு அவளுடைய அப்பா. ஆகவே ஒரே ஓசை வேறு பொருள் தரும் என்பது திருகோணமலைப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனால் மலையாளத்தில் அந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது.

ஒரு செவ்வாய்க்கிழமை தாத்தா கடவுச்சீட்டு வேலையாகக் கொழும்புக்குப் போயிருந்தார். அவருடைய நான்கு வயது மகன் எங்கள் வீட்டில் இருந்தான். அன்று காலை உம்மாவின் தொலைபேசிக்கு வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. அவசரத்தில் அவர் தனி மலையாளத்திலேயே பேசிவிட்டார். நான் கேட்டதைக் கேட்டபடி தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன்:

"இத்தா, ஞான் மற்றந்நாள் வராம். மோனு பனியாணு. சூடுவெள்ளம் கொடுக்கணம். வேண்ட மருந்நு மேசப்புறத்துண்டு. பக்ஷணம் கழிச்சு கழிஞ்ஞிட்டு கொடுத்தால் மதி. சுமயுடெ மருந்நு இனி வேண்ட. டாக்டரோடு சம்சாரிச்சு. அவசரம் கிட்டியால் விளிக்காம்."

படித்துப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாச் சொல்லும் நமக்குத் தெரிந்த சொல் போலத்தான் இருக்கும். உம்மாவும் ஒரு தடவை கேட்டுவிட்டு, "மற்ற நாளெண்டா நாளைக்கு வாறாவாக்கும். புள்ளைக்குப் பனி பிடிச்சிருக்காம். போர்வையை எடு மகள்" என்றார்.

இந்தச் செய்தியில் உள்ள போலிச் சொற்களை நான் இரண்டு விதமாகப் பிரித்துப் பார்க்கிறேன். சில தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும். 'கழிச்சு' என்றால் மலையாளத்தில் சாப்பிட்டு. நமக்கோ கழிச்சல் என்றால் வயிற்றோட்டம். 'மதி' என்றால் போதும்; நமக்கு அது சந்திரன் அல்லது அறிவு. 'சம்சாரிச்சு' என்றால் பேசினது. நம் சம்சாரம் மனைவியும் குடும்பமும். 'சும' என்றால் இருமல். இவற்றுக்குத் தமிழ்ப் பொருளைக் கொடுத்தால் வாக்கியமே நிற்காது. காது உடனே இடறும், நாமும் நின்று யோசிப்போம். இவற்றால் சிரிப்பு வருமே தவிர ஆபத்து குறைவு.

மற்றவை அப்படியல்ல. தமிழ்ப் பொருளைக் கொடுத்தாலும் வாக்கியம் சரியாகவே பொருந்திவிடும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 'பனி' அப்படியொரு சொல். நமக்குப் பனி என்றால் குளிர். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பனி பிடித்த பிள்ளையைப் போர்த்த வேண்டும், காய்ச்சல் பிள்ளையைப் போர்த்தி மூடக்கூடாது. சொல் ஒன்றுதான், செய்ய வேண்டியது நேர் எதிர். 'மற்றந்நாள்' என்பதும் இப்படித்தான். நம் பேச்சில் மற்ற நாள் என்றால் அடுத்த நாள். மலையாளத்தில் அது நாளை மறுநாள். செவ்வாய்க்கிழமை சொன்னால் வியாழக்கிழமை. 'பக்ஷணம்' நமக்குப் பட்சணம், அதாவது இனிப்புப் பலகாரம். அவர்களுக்கு அது எந்தச் சாப்பாட்டுக்கும் பொதுப்பெயர். 'வெள்ளம்' அவர்களுக்குச் சாதாரணத் தண்ணீர். மாரியில் நம் வீதிகளில் ஓடுவதை அவர்கள் வெள்ளப்பொக்கம் என்பார்கள்.

'அவசரம்' வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதன் பொருள் தக்க நேரம், சந்தர்ப்பம். மலையாளம் அதை அப்படியே வைத்துக்கொண்டது, தமிழில்தான் பொருள் மாறிவிட்டது. ஆகவே கடைசி வாக்கியம் 'சந்தர்ப்பம் கிடைத்தால் கூப்பிடுகிறேன்' என்பதுதான். உம்மாவோ 'அவசரமென்றால் மட்டும் கூப்பிடுவார்' என்று எடுத்திருப்பார். 'விளிக்காம்' என்பதில் நம் விளி வேற்றுமை ஒளிந்திருப்பதை உயர்தரத்தில் தமிழ் படிக்கும் தோழிகள் கண்டிருப்பீர்கள்.

சொற்களை விட இலக்கணம்தான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. 'ஞான் வராம்' என்பது நம் காதுக்கு 'வரலாம்' போலக் கேட்கும். வந்தாலும் வருவார், வராவிட்டாலும் இல்லை என்று நினைத்துவிடுவோம். ஆனால் மலையாளத்தில் ஒருவர் தன்னைப் பற்றி இப்படிச் சொன்னால் அது வாக்குறுதி: நான் வருகிறேன்.

'வேண்ட' இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டுக்கும் பொருள் எதிரெதிர். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் நம் 'வேண்டிய' போல. 'வேண்ட மருந்நு' என்றால் வேண்டிய மருந்து. வாக்கியத்தின் முடிவில் வந்தால் 'வேண்டாம்'. பழந்தமிழில் எதிர்மறைக்கு 'வேண்டா' என்ற நெடில் முடிவு உண்டு. மலையாளத்தில் அந்த நெடில் குறுகிவிட்டதால் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. எனவே சொல்லைப் பார்த்தால் போதாது, அது நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். மேசையில் இருந்த இரண்டு போத்தலில் காய்ச்சல் பாணி மருந்து கொடுக்க வேண்டியது, இருமல் பாணி மருந்து நிறுத்த வேண்டியது என்று அதை வைத்துத்தான் பிரித்தேன்.

மிஞ்சியது 'டாக்டரோடு சம்சாரிச்சு'. யார் பேசினது? தமிழில் பேசினேன், பேசினார், பேசினோம் என்று வினைச்சொல்லே ஆளைச் சொல்லிவிடும். மலையாள வினைமுற்றில் அந்த விகுதி இல்லை. நான் வந்நு, அவர் வந்நு, நாங்கள் வந்நு, எல்லாம் ஒன்றே. ஏ. ஆர். ராஜராஜ வர்மா 1896இல் வெளியிட்ட 'கேரள பாணினீயம்' என்ற இலக்கண நூலில் தமிழிலிருந்து மலையாளம் பிரிந்த விதத்தை ஆறு வகையாகக் காட்டினார். அதில் ஒன்று இந்த விகுதி இழப்பு. அதற்கு அவர் இட்ட பெயர் புருஷபேத நிராசம். வாக்கியத்தில் எழுவாயையும் விட்டுவிட்டால் கேட்பவர் சூழ்நிலையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இங்கே ஊகம் சரிப்படாது. மருந்தை நிறுத்தச் சொன்னது வைத்தியரா என்பது இதில்தான் தங்கியிருந்தது.

ஆகவே மொழிபெயர்த்து முடித்துவிட்டுத் தாத்தாவுக்கு இரண்டே கேள்வி அனுப்பினேன். "வருவது வியாழக்கிழமைதானே? வைத்தியரிடம் பேசியது நீங்களா, நானாவா?" மற்றந்நாள் என்ற சொல்லைத் திருப்பிக் கேட்டிருந்தால் அவரும் ஆமென்று சொல்வார், எனக்கும் தெளிவு வராது. கிழமைப் பெயர் இரண்டு மொழியிலும் ஒரே நாளைத்தான் காட்டும். "அதெ, வியாழாழ்ச்ச. ஞான் தன்னெயாணு சம்சாரிச்சது" என்று பதில் வந்தது. 'அதெ' என்றால் ஆம். நம் 'அதே' அல்ல.

உம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: "ராத்தா, நான் வியாழக்கிழமை வருகிறேன். மகனுக்குக் காய்ச்சல். சுடுதண்ணீர் குடிக்கக் கொடுங்கள். தேவையான மருந்து மேசையில் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு கொடுத்தால் போதும். இருமல் மருந்து இனி வேண்டாம். நான் வைத்தியரிடம் பேசினேன். நேரம் கிடைத்தால் கூப்பிடுகிறேன்."

போர்வை மடித்து வைக்கப்பட்டது. பின்னேரம் உம்மா பதில் அனுப்ப வேண்டியிருந்தது. 'அவசரமில்லை, ஆறுதலா வாங்க' என்று சொல்லத் தொடங்கினார். அது அங்கே 'சந்தர்ப்பமில்லை' என்று போய்ச் சேரும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொலைபேசியை வாய்க்கருகே பிடித்து, "மோனுக்குப் பனி குறஞ்ஞு" என்றார் உம்மா. இரண்டு நிமிடத்தில் தாத்தாவின் அழைப்பு வந்தது.