அறை ஒளிப்படத்தில் விளக்குகளை எரியவிட்டும் அணைத்தும் ஒப்பிடுதல்

ஓர் அறையை ஒருமுறை முறையாகப் படம் எடுத்துவிட்டால், அதிலுள்ள விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தும் எரியவிட்டும் மங்கலாக்கியும் பிறகு கணினியிலேயே பார்க்கலாம். குழல்விளக்கின் வெளிச்சத்தில் கூடம் எப்படி இருக்கும், மேசை விளக்கு மட்டும் எரிந்தால் எப்படி இருக்கும், இரண்டும் சேர்ந்தால் எப்படி என்பதை அருகருகே வைத்து ஒப்பிட இது உதவுகிறது. உள்ளலங்காரம் செய்வோரும் கட்டட ஒளிப்படக் கலைஞர்களும் இம்முறையைப் பயன்படுத்துகின்றனர். கணினி வரைகலையாளர் பால் ஹேபர்லி 1992 இல் இதன் அடிப்படையை விளக்கி எழுதினார். ஒரே காட்சியை வெவ்வேறு விளக்கொளியில் தனித்தனியாகப் படம் எடுத்து, அப்படங்களை வேண்டிய அளவிலும் நிறத்திலும் கூட்டினால் புதிய ஒளியமைப்பு கிடைக்கும் என்று அவர் காட்டினார்.

## ஒளி கூட்டத்தக்கது

சுவரின் ஒரு புள்ளியில் இரண்டு விளக்குகளின் ஒளி விழுந்தால், அங்கிருந்து கேமராவுக்கு வரும் ஒளி அவ்விரண்டு விளக்குகளும் தனித்தனியே தரும் ஒளியின் கூட்டுத்தொகை ஆகும். ஒரு விளக்கின் ஒளி மற்றொன்றின் ஒளியைத் தடுப்பதுமில்லை, பெருக்குவதுமில்லை. சுவரில் பட்டுத் தெறித்துப் பரவும் ஒளிக்கும் நிழல்களுக்கும் இதே விதி பொருந்தும்.

எனவே குழல்விளக்கு மட்டும் எரியும் படம் ஒன்றும், குழல்விளக்கும் மேசை விளக்கும் சேர்ந்து எரியும் படம் ஒன்றும் இருந்தால் போதும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மேசை விளக்கின் ஒளி மட்டும் தனியே கிடைத்துவிடும். மேசை விளக்கு மட்டும் எரியும் படத்தை எடுக்காமலேயே அதைப் பெற்றுவிடுகிறோம்.

## கோப்பில் உள்ள எண் ஒளியின் அளவு அல்ல

தொடங்குவோர் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். படக்கோப்பில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 0 முதல் 255 வரை எண்கள் உள்ளன. இவ்வெண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. இருண்ட பகுதிகளில் கண் நுட்பமான வேறுபாடுகளைக் காண்பதால், அப்பகுதிகளுக்கு அதிக எண்கள் கிடைக்கும்படி எஸ்ஆர்ஜிபி என்னும் வளைவின் வழியே மதிப்புகள் மாற்றி எழுதப்படுகின்றன. கூட்டலும் கழித்தலும் செய்வதற்கு முன் இந்த வளைவை நீக்கி, ஒளியின் உண்மையான விகிதத்துக்குத் திரும்ப வேண்டும். அவ்வாறு பெறும் மதிப்பு நேரியல் மதிப்பு எனப்படும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மேசை விளக்கின் அருகேயுள்ள சுவரில் ஒரு படப்புள்ளியை எடுத்துக்கொள்வோம். குழல்விளக்கு மட்டும் எரியும்போது அதன் எண் 120, இரண்டும் எரியும்போது 180. நேராகக் கழித்தால் 60 வரும். அந்த 60 மிக இருண்ட சாம்பல் நிறம். மேசை விளக்கு ஏறத்தாழ ஒன்றுமே செய்யவில்லை என்ற தோற்றத்தை அது தரும்.

சரியான கணக்கு வேறு. 120 இன் நேரியல் மதிப்பு 0.188. 180 இன் நேரியல் மதிப்பு 0.456. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.268. இதை மீண்டும் கோப்பின் எண்ணாக மாற்றினால் ஏறக்குறைய 141 வருகிறது. அதாவது அந்த இடத்தில் மேசை விளக்கு தரும் ஒளி, குழல்விளக்கு தருவதைவிட அதிகம். 60 என்ற எண்ணோ அந்த ஒளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கையே குறிக்கிறது.

## படங்களை எடுக்கும் முறை

படங்களுக்கிடையே விளக்கைத் தவிர வேறெதுவும் மாறக் கூடாது. கேமராவை முக்காலியில் வைத்து, திரை தொங்குமானால் மின்விசிறியையும் நிறுத்திவிட வேண்டும். வெளியொளி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இரவில் எடுப்பதே எளிது. துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, குவியம், வெள்ளைச் சமநிலை ஆகிய ஐந்தையும் கையால் நிலைநிறுத்த வேண்டும். இவற்றுள் ஒன்றைத் தானியங்கியாக விட்டாலும், விளக்கை அணைத்தவுடன் கேமரா அதை ஈடுகட்ட முயலும். அதன்பின் கழித்தல் பொருளற்றதாகிவிடும்.

கைபேசியில் எடுப்போர் புரோ நிலையில் ரா கோப்பாக எடுக்க வேண்டும். வழக்கமான கைபேசிப் படத்தில் இருண்ட பகுதிகளைத் தனியே வெளிச்சமாக்கும் செயலாக்கம் நடந்திருக்கும். அது ஒவ்வொரு படத்திலும் வேறுபடும்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. அதனால் ஷட்டர் வேகத்தை 1/25 நொடி அல்லது அதைவிட நீண்டதாக வைத்தால் ஒவ்வொரு படத்திலும் துடிப்புகள் சராசரியாகி, படத்தில் பட்டைகள் தோன்றுவதில்லை.

எல்லா விளக்குகளும் எரியும்போதும் சுவரோ விரிப்போ 255 ஐத் தொடாதபடி வெளிச்ச அளவைக் குறைத்து வைக்க வேண்டும். இரு படங்களிலும் 255 ஆக நிரம்பிவிட்ட இடத்தில் வேறுபாடு சுழியமாகும். அங்கே இருந்த ஒளித் தகவலை மீட்க வழியில்லை. விளக்கின் குமிழ் நிரம்புவதைத் தவிர்ப்பது கடினம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

விளக்குகள் மூன்று என்றால், எல்லாம் அணைந்த நிலையில் ஒரு படமும் ஒவ்வொன்றும் தனித்து எரியும் மூன்று படங்களும் எடுக்க வேண்டும். அந்த 4 படங்களிலிருந்து 8 வகையான ஒளியமைப்புகளையும் பெறலாம்.

## கலவை செய்தல்

கீழுள்ள பைத்தான் நிரல் மேசை விளக்கின் ஒளியைப் பிரித்து, குழல்விளக்கை அணைத்து, மேசை விளக்கைப் பாதி அளவில் எரியவிட்ட படத்தைத் தருகிறது. அறையில் வேறு வெளிச்சம் இல்லை எனக் கொள்ளப்பட்டுள்ளது.

```python
import numpy as np
import imageio.v3 as iio

def lin(v):
    v = v / 255.0
    return np.where(v <= 0.04045, v / 12.92,
                    ((v + 0.055) / 1.055) ** 2.4)

def srgb(x):
    x = np.clip(x, 0, 1)
    y = np.where(x <= 0.0031308, 12.92 * x,
                 1.055 * x ** (1 / 2.4) - 0.055)
    return (y * 255).round().astype(np.uint8)

tube = lin(iio.imread("tube.png")[..., :3])
both = lin(iio.imread("both.png")[..., :3])
lamp = np.clip(both - tube, 0, None)
iio.imwrite("mix.png", srgb(0.0 * tube + 0.5 * lamp))
```

கடைசி வரியிலுள்ள 0.0, 0.5 ஆகிய இரு எண்களே இங்கு சுவிட்சுகள். முதல் எண்ணை 1.0 ஆக்கினால் குழல்விளக்கு முழுமையாக எரியும், மேசை விளக்கு பாதியில் நிற்கும். நம் எடுத்துக்காட்டுப் புள்ளியில் அப்போது 0.188 உடன் 0.134 சேர்ந்து 0.322 ஆகிறது. கோப்பில் அது 154.

விளக்கின் நிறத்தையும் இதே இடத்தில் மாற்றலாம். `lamp` ஐச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் மூன்று எண்களால் பெருக்கினால், எடுத்துக்காட்டாக `lamp * [1.0, 0.9, 0.7]` என எழுதினால், மேசை விளக்கின் ஒளி மட்டும் மஞ்சளாகும். குழல்விளக்கு விழும் இடங்கள் மாறா.

முறை சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, மேசை விளக்கு மட்டும் எரியும் படம் ஒன்றையும் உண்மையாகவே எடுத்து, கணக்கிட்டுப் பெற்ற படத்துடன் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்திருந்தால் சரி. கணக்கிட்ட படத்தில் பொருள்களின் ஓரங்களில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் கேமரா அசைந்திருக்கிறது. படம் முழுவதும் வெளிச்சம் வேறுபட்டால் கேமராவின் தானியங்கி அமைப்பு ஏதோ ஒன்று இயங்கியிருக்கிறது, அல்லது கேமரா தனக்கே உரிய வளைவைப் படத்தில் சேர்த்திருக்கிறது. பின்னதற்குத் தீர்வு, ரா கோப்பிலிருந்து நேரியல் படத்தை நேரடியாகப் பெறுவது.

## ஒரே படம் மட்டும் இருந்தால்

பழைய படம் ஒன்று மட்டுமே கையில் இருந்தால் கழிப்பதற்கு எதுவுமில்லை. அணைந்திருக்கும் விளக்கை அதில் எரியவைக்க, அதன் ஒளி எங்கெங்கு எவ்வளவு விழும் என்பதை நாமே வரைய வேண்டும். சீரான குழல்விளக்கு ஒளியில் எடுத்த படம் இதற்கு ஏற்றது. ஒவ்வோர் இடத்திலும் மேசை விளக்கு குழல்விளக்கைப் போல் எத்தனை மடங்கு ஒளி தரும் என்று ஒரு முகமூடிப் படமாக வரைந்து, அதை மூலப்படத்தின் நேரியல் மதிப்புடன் பெருக்கினால், புது விளக்கின் ஒளி மட்டும் கிடைக்கும். அதை மூலப்படத்துடன் கூட்ட வேண்டும். பெருக்குவதால் சுவரின் நிறமும் விரிப்பின் நிறமும் தாமாகவே அமைந்துவிடுகின்றன.

முகமூடியை வரையும்போது தொலைவைக் கணக்கில் கொள்ள வேண்டும். விளக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் விழும் ஒளி, அதே கோணத்தில் 60 செ.மீ. தொலைவில் கால் பங்காகக் குறையும். கூண்டுள்ள மேசை விளக்கு என்றால் ஒளி மேலும் கீழுமாக இரு கூம்புகளாகப் பாயும். இடையில் கூண்டின் துணி மென்மையாக ஒளிரும்.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. மேசைக்கு அடியில் குழல்விளக்கின் நிழல் விழுந்து இருண்டிருக்கும் இடம், எந்த எண்ணால் பெருக்கினாலும் போதிய வெளிச்சம் பெறாது. புது விளக்கு உண்மையில் அந்த இடத்தை நன்றாக ஒளிரச் செய்யக்கூடும். எரியும் விளக்கை அணைப்பது இன்னும் கடினம். சுவரின் ஒரு புள்ளியில் உள்ள ஒளியில் எவ்வளவு எந்த விளக்குக்கு உரியது என்பது ஒரே படத்தில் பதிவாகியிருப்பதில்லை. ஆகவே ஒற்றைப் படத்தில் எந்த மென்பொருள் அணைத்துக் காட்டினாலும் அது ஊகமே.

இவ்வாறு மாற்றப்பட்ட படத்தை அடையாளம் காண்பதும் எளிது. கூண்டு ஒளிர்ந்தாலும் அதன் பின்சுவரில் ஒளிவட்டம் இருக்காது, அருகிலுள்ள பூச்சாடிக்குப் புது நிழல் இருக்காது, கண்ணாடியிலோ பளபளப்பான தரையிலோ தெரியும் பிம்பத்தில் விளக்கு இன்னும் அணைந்தே இருக்கும்.

## ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியது

எல்லாக் கலவைகளையும் ஒரே வெளிச்ச அளவில் வைத்தே ஒப்பிட வேண்டும். கூடத்தின் தொலைவான மூலையில் உள்ள சுவர், குழல்விளக்கில் 0.188 ஆகவும் மேசை விளக்கு மட்டும் எரியும்போது 0.01 ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். கோப்பில் அது 120 இலிருந்து 25 ஆக, ஏறக்குறைய இருட்டாக, இறங்குகிறது. படம் அழகாகத் தெரிய வேண்டும் என்று முழுப்படத்தையும் நான்கு மடங்கு வெளிச்சமாக்கினால் மூலை 56 ஆகி, போதுமான வெளிச்சம் இருப்பதுபோல் தோன்றும். விளக்கருகே உள்ள சுவரோ 0.268 இலிருந்து 1.07 ஆகி வெள்ளையாக நிரம்பிவிடும். விளக்கு விற்பனைப் படங்களில் ஒற்றை மேசை விளக்கு முழு அறையையும் நிறைப்பதுபோல் தெரிவதற்கு இத்தகைய வெளிச்சக் கூட்டலும் ஒரு காரணம். அதை நம்பி மேற்கூரை விளக்கைத் தவிர்த்தால், அந்த மூலையில் நாளிதழ் படிக்க முடியாமல் போகும்.

எனினும் ஒரே அளவில் வைத்த படமும் கண் காண்பதை அப்படியே காட்டுவதில்லை. மேசை விளக்கு மட்டும் எரியும் அறையில் சில நிமிடங்கள் அமர்ந்திருந்தால் கண் இருளுக்கும் மஞ்சள் நிறத்துக்கும் பழகிவிடும். அறை அப்போது படத்தில் உள்ளதைவிடச் சற்று வெளிச்சமாகவும் மஞ்சள் குறைந்தும் தெரியும். விளக்குகளுக்கிடையே உள்ள விகிதத்தையும் நிழல்கள் விழும் இடங்களையும் இப்படங்கள் நம்பத்தக்க முறையில் காட்டுகின்றன. ஓரிடத்தில் படிக்கவோ தைக்கவோ போதுமான வெளிச்சம் உண்டா என்பதை அவ்விடத்தில் லக்ஸ் மானியை வைத்து அளந்தே முடிவு செய்ய வேண்டும்.