பழைய கணினியில் புதிய இயங்குதளம்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்க இயலாத பழைய கணினிகளை வைத்திருப்போர் சிலர், அவற்றில் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களை நிறுவுகின்றனர். நிறுவும் பணி பாதியில் நின்றுவிட்டாலோ, நிறுவியபின் கணினி அடிக்கடி உறைந்துபோனாலோ, பழி புதிய இயங்குதளத்தின்மேல் விழுகிறது. “நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது?” என்பதே அதற்குக் காட்டப்படும் சான்று.

அச்சான்று வலுவற்றது. பழைய இயங்குதளம் வன்வட்டின் சில பகுதிகளையே நாள்தோறும் பயன்படுத்திவந்திருக்கும். பழுது வேறோர் இடத்தில் இருந்தால் பல மாதங்கள் வெளியே தெரியாது. நிறுவும் பணியோ ஏராளமான கோப்புகளைப் புதிய இடங்களில் எழுதுகிறது. ஒளிந்திருந்த பழுது அப்போதுதான் வெளிப்படுகிறது. ஆகவே, நிறுவுவதற்கு முன்பே நினைவகத்தையும் வன்வட்டையும் சோதித்தல் வேண்டும்.

முதலில் சோதிக்க வேண்டியது நினைவகம். பென் டிரைவிலிருந்து வன்வட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு கோப்பும் நினைவகத்தின் வழியாகவே செல்கிறது. கணினியில் A என்னும் எழுத்து 01000001 என்று பதிவாகும். அதில் ஒரே ஓர் இலக்கம் மாறி 01000011 ஆனால், அவ்வெழுத்து C ஆகிவிடும். நினைவகம் பழுதுபட்டிருந்தால், நல்ல வன்வட்டிலும் தவறான கோப்பே எழுதப்படும்.

4 ஜிபி அளவுள்ள இரண்டு நினைவகப் பலகைகளும் 500 ஜிபி வன்வட்டும் கொண்ட ஒரு வீட்டுக் கணினியை எடுத்துக்கொள்வோம். Memtest86+ என்னும் இலவச மென்பொருளைப் பென் டிரைவில் இட்டு, கணினியை அதிலிருந்து தொடங்குகிறோம். அது நினைவகம் முழுவதும் பலவகை எண்களை எழுதி, மீண்டும் படித்து ஒப்பிடுகிறது. இதற்குச் சில மணி நேரம் ஆகலாம். இரவில் ஓடவிடுவது நன்று. ஒரேயொரு பிழை தோன்றினாலும் அதனைப் புறக்கணிக்கலாகாது.

காலையில் திரையில் சிவப்பு நிறத்தில் பிழைகள் தெரிகின்றன எனக் கொள்வோம். கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, ஒரு பலகையை மட்டும் வைத்துச் சோதிக்கிறோம், பிழை வருகிறது. மற்றொன்றை அதே செருகிடத்தில் வைத்துச் சோதிக்கிறோம், பிழை இல்லை. எனவே செருகிடம் நன்றாக உள்ளது, முதற் பலகையே பழுதானது என்பது உறுதியாகிறது. இரண்டாம் சோதனையிலும் பிழை வந்திருந்தால், செருகிடத்தையும் ஐயுற வேண்டியிருக்கும்.

அடுத்தது வன்வட்டு. அது தன் உடல்நிலையைத் தானே குறித்துவைத்துக்கொள்கிறது. லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே இயக்கி, smartmontools என்னும் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் அக்குறிப்பைப் படிக்கலாம். வன்வட்டின் பெயர் எப்போதும் sda ஆக இராது. `lsblk` கட்டளை காட்டும் கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்க.

```
sudo smartctl -A /dev/sda
sudo smartctl -t long /dev/sda
sudo smartctl -l selftest /dev/sda
```

முதற் கட்டளை ஓர் அட்டவணையைத் தரும். அதில் Current_Pending_Sector என்னும் வரியின் கடைசி எண்ணே நமக்கு முதன்மையானது. வன்வட்டு படிக்க முயன்று முடியாமற்போன பகுதிகளின் எண்ணிக்கை அது. சுழியமாக இருத்தல் வேண்டும். நம் கணினியில் அது 8 எனக் காட்டுகிறது. உடனே குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்கிறோம். அதன் பிறகே இரண்டாம் கட்டளையால் நெடுஞ்சோதனையைத் தொடங்குகிறோம். நலிந்த வட்டு சோதனையின்போதே முற்றிலும் நின்றுவிடக்கூடும் அன்றோ? சோதனை முடிந்ததும் மூன்றாம் கட்டளை, Completed: read failure என்று அறிவிக்கிறது. இவ்வட்டில் எந்த இயங்குதளத்தை நிறுவினாலும் தொல்லையே, மாற்றிவிடுவதே தக்கது.

UDMA_CRC_Error_Count என்னும் வரியின் எண் உயர்ந்துகொண்டே சென்றால் மட்டும் வட்டைக் குறை கூற வேண்டா. பெரும்பாலும் வட்டை இணைக்கும் கம்பியே அதற்குக் காரணம். புதிய கம்பியை மாற்றிப் பார்க்கலாம். பழைய எண் அழியாது என்பதால், அது மேலும் கூடுகிறதா என்பதையே நோக்க வேண்டும்.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்வட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதான வட்டுகளுள் பாதிக்கும் மேற்பட்டவை முதன்மையான நான்கு அறிகுறிகளுள் ஒன்றையும் முன்கூட்டிக் காட்டவில்லை. சோதனையில் தேறிய வட்டிலுள்ள கோப்புகளுக்கும் வேறிடத்தில் ஒரு படி இருக்கவேண்டியது இதனால்தான்.