விதவையின் காசும் வேதபாடக் குழுவும்

அறுப்பின் பண்டிகை நெருங்கினால் போதும், மாற்கு 12-ஆம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்கள் பிரசங்க மேடைக்கு வந்துவிடும். எருசலேம் ஆலயத்தின் காணிக்கைப் பெட்டியில் பணக்காரர்கள் நிறையப் போட, ஏழை விதவை ஒருத்தி இரண்டே காசு போட்ட கதை அது. கேட்பவர்களுக்கு முடிவும் மனப்பாடம்: அவளைப் போலக் கொடுங்கள். இதே வசனங்களை ஒரு வீட்டில் எட்டுப் பேர் உட்கார்ந்து, கேட்ட பிரசங்கங்களை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, எழுதியிருப்பதை மட்டும் படித்துப் பார்க்கட்டும். அந்த முடிவு அவ்வளவு சுலபமாகக் கைக்கு வராது. அவளைப் போலச் செய்யுங்கள் என்று இயேசு அங்கே சொல்லவே இல்லை.

இப்படிப் படிப்பதற்கு ‘இண்டக்டிவ்’ வேதபாடம் என்று பெயர். முடிவை முதலில் வைத்துக்கொண்டு அதற்கு வசனம் தேடாமல், வசனத்தில் உள்ள விவரங்களைச் சேர்த்து, அவை எங்கே கொண்டுபோகின்றனவோ அங்கே போவது. அமெரிக்காவில் எபிரெய மொழி கற்பித்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், இலக்கண விதிகளை முதலில் புகட்டாமல், ஆதியாகமத்தின் வரிகளைக் கையில் கொடுத்து அவற்றிலிருந்தே விதிகளைக் கண்டுபிடிக்கவைத்தார். அவருடைய மாணவர் வில்பர்ட் ஒயிட் அந்த வழியை வேதாகமக் கல்விக்கே கொண்டுவந்து, 1900-இல் அதற்கென ஒரு கல்லூரி தொடங்கினார். அந்த மரபில் வந்த ராபர்ட் ட்ரெய்னா 1952-இல் எழுதிய பாடநூல் இன்றும் இறையியல் வகுப்புகளில் புழங்குகிறது. கவனித்தல், விளக்கம் காணுதல், வாழ்வில் பொருத்துதல் என்ற மூன்று படிகள் குழுக்களிடையே பரவியது இந்த வழியில்தான்.

குழுவை நடத்தப்போகிறவர் செய்யவேண்டிய முதல் வேலை, வேதாகமத்தை மூடிவைப்பது என்றால் ஆச்சரியமாக இருக்கும். மாற்கு 12:38 முதல் 13:2 வரை உள்ள பகுதியை வெள்ளைத்தாளில் தட்டச்சு செய்து, வரிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விட்டு, அதிகார எண், வசன எண், தலைப்பு எதுவும் இல்லாமல் ஆளுக்கு ஒரு பிரதி கொடுக்கலாம். காரணம் உண்டு. அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தவை. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டவை. தலைப்புகள் பதிப்பாளர்கள் சேர்ப்பவை. எதுவும் மாற்கு எழுதியதல்ல. இதே சம்பவம் லூக்காவிலும் உண்டு. அங்கே அதிகாரக் கோடு சரியாக விதவைக்கு முன்னால் விழுந்து, அதற்கு முந்தைய பேச்சிலிருந்து அவளைத் துண்டாக்கிவிடுகிறது.

ஒன்றரை மணி நேரக் கூட்டம் என்றால், முதல் அரைமணி நேரம் கவனிப்பதற்கு மட்டும். பத்து நிமிடம் யாரும் பேசாமல் பேனாவோடு படிக்கவேண்டும். யார், எங்கே, என்ன செய்தார்கள், எந்தச் சொல் திரும்ப வருகிறது, எது எதற்கு எதிராக நிறுத்தப்படுகிறது என்று கோடு போடவேண்டும். பிறகு ஆளுக்கு ஒன்றாகச் சொல்லலாம். இயேசு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஜனங்கள் பணம் போடும் விதத்தைப் பார்க்கிறார். பணக்காரர் பலர், விதவை ஒருத்தி. அவர் அவளிடம் பேசவில்லை. சீஷர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறார். எல்லாரையும்விட அவள் அதிகம் போட்டாள் என்கிறார். மற்றவர்கள் மிஞ்சியதிலிருந்து போட்டார்கள், அவள் பிழைப்புக்கு இருந்ததையே போட்டுவிட்டாள் என்று காரணமும் சொல்கிறார்.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தாளில் சற்று மேலே போனால், விதவை என்ற சொல் ஏற்கெனவே ஒருமுறை வந்திருப்பது கண்ணில் படும். நீண்ட அங்கியோடு உலாவி, சந்தையில் வணக்கத்தையும் விருந்தில் முதல் இடத்தையும் தேடும் வேதபாரகரைப் பற்றி எச்சரிக்கும்போது, அவர்கள் விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்கள் என்று இயேசு சொல்கிறார். மறு காட்சியிலேயே ஒரு விதவை வருகிறாள், கடைசிக் காசையும் ஆலயத்தில் போட்டுவிட்டுப் போகிறாள். கீழே போனால், ஆலயத்தின் பெரிய கற்களைப் பார்த்து வியக்கும் சீஷன் ஒருவனிடம், இதில் ஒரு கல்லின்மேல் ஒரு கல்கூட நிற்காது என்கிறார். இந்த மூன்றும் அடுத்தடுத்து நிற்பதைத் தாளில் பார்த்தவர் அதை எளிதில் மறக்கமாட்டார்.

இந்தக் கட்டத்தில்தான் குழுத்தலைவருக்குச் சோதனை. “அவ சந்தோஷமா போட்டிருப்பா தம்பி” என்று மூலையிலிருந்து ஒரு குரல் வரும். மறுக்கத் தேவையில்லை. “அது எந்த வரியில இருக்கு அக்கா?” என்று கேட்டால் போதும். தேடுவார்கள், இருக்காது. அவள் பெயரும் வயதும் இல்லை. அவள் சிரித்தாளா அழுதாளா என்றும், வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டாள் என்றும் இல்லை. எழுதப்படாதவற்றைத் தனிப்பட்டியலாகக் குறித்துக்கொள்வதும் கவனிப்பில் சேர்ந்ததே. பல குழுக்களில் இது மட்டும் நடப்பதில்லை. கேட்டுப் பழகிய பிரசங்கம் வசனத்தின் வரிபோலவே மனதில் பதிந்திருப்பதால், தாங்கள் சேர்த்ததை அவர்களே அறியமாட்டார்கள்.

அடுத்த அரைமணி நேரம் விளக்கத்துக்கு. இங்கே கேள்வியின் குணம் மாறும். என்ன இருக்கிறது என்பது போய், இது ஏன் இங்கே இருக்கிறது, மாற்கு தன் முதல் வாசகர்களுக்கு இதனால் எதைச் சொல்ல வந்தார் என்று கேட்கவேண்டும். வசனத்துக்கு வெளியே இருந்து வரும் தகவல் இப்போதுதான் தேவைப்படும், அதுவும் அளவாக. ஆலயத்தில் எக்காள வடிவில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதர்களின் மிஷ்னா சொல்கிறது. மாற்கு அந்த இரண்டு சின்னக் காசுகளின் மதிப்பை ரோம நாணயக் கணக்கில் விளக்குகிறார்: இரண்டும் சேர்ந்தால் ஒரு குவாட்ரன்ஸ். அப்படிப்பட்ட 64 சேர்ந்தால் ஒரு தெனாரியம். மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டக் கூலியாளின் ஒருநாள் சம்பளம் அதுதான். நாள் கூலியை 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அவள் போட்டது பத்து ரூபாய்.

இப்போது முக்கியமான கேள்வி: இயேசு அவளைப் புகழ்கிறாரா, அவளுக்கு நேர்ந்ததைப் பார்த்து வருந்துகிறாரா? அடிசன் ரைட் என்ற கத்தோலிக்க அறிஞர் 1982-இல் ஒரு கட்டுரையில் இதை வெளிப்படையாகக் கேட்டார். வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றிய பேச்சும் ஆலயம் இடிபடும் என்ற அறிவிப்பும் இருபுறமும் நிற்கும்போது, நடுவில் உள்ளது புலம்பல்தான் என்பது அவர் வாதம். அதே சுவிசேஷத்தின் 7-ஆம் அதிகாரத்தையும் அவர் துணைக்கு அழைத்தார். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி நிறுத்திவைப்பதை இயேசு அங்கே கண்டிக்கிறார்.

மறுபக்கத்துக்கும் இதே புத்தகத்தில் சான்று உண்டு. 14-ஆம் அதிகாரத்தில் இன்னொரு பெண் விலையுயர்ந்த தைலத்தைக் கொட்டும்போது, வீண் செலவு என்று முறுமுறுத்தவர்களை இயேசு தடுத்து அவளைப் பாராட்டுகிறார். 10-ஆம் அதிகாரத்தில் செல்வந்தன் ஒருவனிடம் எல்லாவற்றையும் விற்றுக் கொடுக்கச் சொல்கிறார், அவனால் முடியவில்லை. அவனுக்கு முடியாததை இந்த விதவை செய்கிறாள் என்று வாசிப்பதற்கும் இடமிருக்கிறது.

குழுத்தலைவர் தீர்ப்புச் சொல்ல அவசரப்படக்கூடாது. இரண்டு பக்கத்தையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றின்கீழும் வசனச் சான்றுகளை மட்டும் அடுக்கலாம். பெரும்பாலான குழுக்கள் நடுவில் ஓர் இடத்தில் வந்து நிற்கும்: விதவையின் மனது பெரியது, ஆனால் அவள் கையிலிருந்த கடைசிக் காசை வாங்கிக்கொண்ட அமைப்பு நியாயத்தீர்ப்பின்கீழ் நிற்கிறது. இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு வாசிப்பது மாற்குக்கு நியாயம் செய்வதாகத் தெரியவில்லை. வியாக்கியானப் புத்தகத்தைத் திறப்பதாக இருந்தால், குழு தன் விடையை எழுதிய பிறகு திறக்கட்டும். முதலிலேயே திறந்தால், அதற்குமேல் யாரும் தாளைப் பார்க்கமாட்டார்கள்.

இந்தப் படியில் விழும் குழி ஒன்று உண்டு. ஆளாளுக்கு “எனக்கு இது என்ன சொல்லுதுன்னா” என்று தொடங்குவார்கள். அது மூன்றாம் படியின் பேச்சு. ஒரு பகுதிக்கு ஆசிரியர் கருதிய பொருளை முதலில் தேடவேண்டும். அது வாழ்க்கையில் பொருந்தும் இடங்கள் பலவாக இருக்கலாம். இரண்டையும் கலந்தால் எட்டுப் பேருக்கு எட்டு விளக்கம் என்று கூட்டம் கலையும்.

கடைசி இருபது, இருபத்தைந்து நிமிடம் வாழ்வில் பொருத்துவதற்கு. பெரும்பாலான கூட்டங்களில் இதற்கு நேரமே மிஞ்சாது. மிஞ்சினாலும் “நாமும் தாராளமாகக் கொடுப்போம்” என்ற வரியோடு ஜெபத்துக்குப் போய்விடுவார்கள். அந்த வரி சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி: இந்தப் பகுதியைப் படிக்காத ஒருவரும் அதைச் சொல்லியிருக்க முடியுமா? முடியும் என்றால், முந்தைய ஒரு மணி நேர உழைப்பு அதில் கலக்கவில்லை.

மாற்கின் நான்கு வசனங்களை அவற்றின் அக்கம்பக்கத்தோடு படித்த குழுவுக்கு வேறு கேள்விகள் எழும். நம் சபையில் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரும் தொகையும் ஏன் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுகிறது? மின்விசிறியின் இறக்கைவரைக்கும் நன்கொடையாளர் பெயர் எழுதுகிறோமே, பத்து ரூபாய் போட்டவளின் பெயரை எங்கே எழுதினோம்? சந்தா பாக்கி வைத்த விதவைக்குக் கடிதம் போகிறதா, அரிசி போகிறதா? கொஞ்சம் சங்கடமான கேள்விகள்தான். குழுவில் சபைப் பொருளாளர் இருந்தால் இன்னும் சங்கடம். ஆனாலும் இவை அந்தத் தாளிலிருந்து எழுந்தவை.

கேள்வியோடு நிறுத்தாமல், யார், எப்போது, என்ன செய்யப்போகிறார் என்று ஒரு வரி எழுதவைக்கலாம். பெயர் வாசிக்கும் வழக்கத்தைப் பற்றி அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நான் பேசுவேன் என்பது போல. அடுத்த வாரம் புதிய பகுதியைத் தொடங்குமுன், எழுதியது நடந்ததா என்று ஐந்து நிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

புதிதாக நடத்துகிறவர் தன் தயாரிப்பில் கேள்விகளைக் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது. மூன்று படிக்கும் சேர்த்து ஏழெட்டு போதும். கேட்டபின் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினம். அமைதியைத் தாங்காமல் தானே பதில் சொல்லிவிட்டால், அடுத்த கேள்விக்குக் குழு வாய் திறக்காது, தலைவர் சொல்லிவிடுவார் என்று காத்திருக்கும். கண்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாலே கூட்டத்தின் நிலை தெரியும். எல்லாரும் தலைவரின் முகத்தைப் பார்த்தால் அது பிரசங்கமாக மாறிவிட்டது. தாளைப் பார்த்தால் படிப்பு நடக்கிறது.

எல்லாப் பகுதிக்கும் இந்த முறை ஒரே மாதிரி இணங்காது. சுவிசேஷக் கதைகளும் பவுலின் நிருபங்களும் இதற்கு நன்றாக வசப்படும். நீதிமொழிகளில் பல இடங்களில் அக்கம்பக்க வசனங்களுக்கிடையே தொடர்ச்சி இல்லாததால், மேலே கீழே பார்த்துப் பயனில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் பழைய ஏற்பாட்டுப் பின்னணி தெரியாத குழு முதல் பக்கத்திலேயே தடுமாறும். தொடங்குகிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தை எடுத்து, ஒரு கூட்டத்துக்குப் பத்துப் பதினைந்து வசனம் என்று போவது உத்தமம்.