யாரால் ஏற்பட்டது?

உதவித்தொகை விண்ணப்பத்தில் மதிப்பெண், குடும்ப வருமானம் எல்லாம் நிரப்பியாகிவிடும். ஒரு கட்டம் மட்டும் கடைசி நாள்வரை காலியாகக் கிடக்கும்: நீங்கள் தலைமையேற்று நடத்திய ஒரு வேலையில் நினைத்தபடி நடக்காதது எது, அதில் என்ன கற்றீர்கள்? செவனிங், ஃபுல்பிரைட்-நேரு போன்ற உதவித்தொகைகள் தலைமைப் பண்பைத் தனியாகவே பார்க்கின்றன. சில விண்ணப்பங்கள் இன்னும் ஒரு படி போய், சறுக்கியதையும் கேட்கின்றன.

எங்கள் கல்லூரியில் இந்தக் கட்டுரைகளைப் பார்த்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன் தமிழில் எழுதிவரச் சொல்வேன். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் கொண்டுவந்தது, நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் அவர் நடத்திய ரத்ததான முகாமைப் பற்றிய கட்டுரை. நடுவில் இப்படி ஒரு வரி: "எதிர்பாராத சில சிக்கல்கள் ஏற்பட்டன. ஆயினும் முகாம் சிறப்பாக நிறைவுற்றது."

"என்னம்மா சிக்கல்?" என்றேன்.

பெயர் கொடுத்தவர்கள் 80 பேர். வந்தவர்கள் 62. அவர்களில் 21 பேரை ரத்த வங்கிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 14 பேர் மாணவிகள், ஹீமோகுளோபின் போதவில்லை. மற்றவர்களில் சிலர் 45 கிலோ எடைகூட இல்லை, சிலர் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தார்கள். ரத்தம் கொடுத்தது 41 பேர். வரிசையில் எல்லார் முன்னாலும் "உங்களுக்கு ரத்தம் கம்மி" என்று சொல்லப்பட்ட ஒரு பெண் அழுதுகொண்டே போயிருக்கிறாள்.

இதெல்லாம் எதிர்பாராததா? ரத்தம் கொடுக்க 12.5 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும். 12.2 இருக்கும் பெண்ணுக்கு ரத்தசோகை இல்லை, ஆனாலும் கொடுக்க முடியாது. இந்த விதிகளை அச்சடித்த தாளை ரத்த வங்கி இரண்டு வாரம் முன்பே மாணவியிடம் தந்திருந்தது. அவர் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டது முகாமுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு.

"ஏன் அவ்வளவு தாமதம்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "முன்னாடியே போட்டா பேர் குறைஞ்சிடும் சார். பிரின்சிபால்கிட்ட எண்பதுன்னு சொல்லிட்டேன்."

கட்டுரை அங்கேதான் இருந்தது. தமிழில் 'ஏற்பட்டது', 'நேர்ந்தது' என்று எழுதினால் செய்தவர் மறைந்துவிடுவார். ஆகவே நான் சொல்லும் முதல் திருத்தம், அந்த வினைக்கு ஓர் எழுவாய் போடுவது. "எண்ணிக்கை குறையுமென்று பயந்து, தகுதி விதிகளை நான் தள்ளிப்போட்டேன்." இப்போது படிப்பவருக்கு ஒரு முடிவு தெரிகிறது, அது எடுக்கப்பட்ட நேரம் தெரிகிறது, காரணம் தெரிகிறது. "அளவுக்கு மீறி உழைத்ததே என் தவறு" என்பது போன்ற பெருமைகளுக்கு இந்த மூன்றும் இருக்காது; அதனால்தான் அவை பொய்யாகத் தெரிகின்றன.

இரண்டாவது, இடப் பங்கீடு. அனுபவத்தைத் திரும்பிப் பார்க்க கிரஹாம் கிப்ஸ் 1988இல் தந்த ஆறு படிகளில், நடந்ததை விவரிப்பது ஒரு படிதான். உணர்வு, மதிப்பீடு, அலசல், முடிவு, அடுத்துச் செய்யப்போவது என்று மீதி ஐந்தும் அதன் பிறகு வருபவை. மாணவர்களோ முக்கால் பக்கத்தைப் பந்தல் போட்டதற்கும் பேனர் கட்டியதற்கும் செலவழிக்கிறார்கள். 500 சொல் கட்டுரையில் முகாமின் கதைக்கு நூறு சொல் போதும். அந்த இரண்டு வாரத் தயக்கத்துக்கு இருநூறு கொடுக்கலாம். மிச்சம், அடுத்த முறை என்ன மாறியது என்பதற்கு.

அடுத்த முறை அவர் விதிகளைப் பெயர்ப் பதிவுத் தாளின் தலையிலேயே அச்சிட்டார். பரிசோதனை மேசையைத் திரைக்குப் பின்னால் போடச் சொன்னார். திரும்பிப் போகிறவர்களிடம் காரணத்தைத் தனியாகச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்ல ஒரு தோழியை நிறுத்தினார். பெயர் கொடுத்தவர்கள் 50, வந்தவர்கள் 44, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 6, ரத்தம் கொடுத்தவர்கள் 38.

"போன தடவையைவிட மூணு கம்மி சார். இந்த நம்பரை எடுத்துடட்டுமா?"

எடுக்க வேண்டாம் என்றேன். 80 என்ற எண்ணைக் காப்பாற்றப் போய்த்தான் முதல் முகாம் சறுக்கியது. 38ஐ மறைத்தால் அதே தவறை இந்தக் கட்டுரையிலும் செய்ததாகிவிடும். அவர் பேனாவை எடுத்து, 'ஏற்பட்டன' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே 'நான்' என்று எழுதினார்.