படத்தில் குறுக்கே நின்றவர்

சுற்றுலாப் படத்திலிருந்து அந்நியர் ஒருவரை நீக்குவது எளிது. அவர் நின்ற இடத்தில் எதை வைப்பது என்பதுதான் சிக்கல். அவருக்குப் பின்னால் இருந்ததைக் கேமரா பார்க்கவே இல்லை. அந்த ஓட்டையை இரண்டு வழிகளில்தான் நிரப்ப முடியும். அதே இடத்தை அவர் இல்லாமல் பார்த்த இன்னொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டலாம். அல்லது சுற்றி இருப்பதை வைத்து ஊகிக்கலாம். செல்போன் செயலிகளில் விரலால் ஒரு வட்டம் போட்டதும் ஆள் மறைகிறாரே, அங்கே பெரும்பாலும் நடப்பது இரண்டாவது.

ஊகிக்கும் முறையும் காலப்போக்கில் மாறியிருக்கிறது. 2010-இல் போட்டோஷாப் சிஎஸ்5 பதிப்பில் வந்த நிரப்பும் வசதி, அதே படத்தின் மற்ற பகுதிகளில் ஒத்துப்போகும் சிறு துண்டுகளைத் தேடி எடுத்து ஓட்டையில் பொருத்தியது. மணலுக்கு மணல், வானத்துக்கு வானம். 2021-இல் பிக்சல் 6 போனுடன் வந்த மேஜிக் இரேசர், 2024-இல் ஐபோனுக்கு வந்த கிளீன் அப் போன்றவை ஏராளமான படங்களைக் கொண்டு பழக்கப்பட்டவை. ஓட்டையின் விளிம்பைப் பார்த்து, இப்படிப்பட்ட விளிம்புகளுக்கு நடுவே வழக்கமாக என்ன இருக்கும் என்று கணித்து வரைகின்றன. வரைந்தது நம்பும்படி இருக்கும். உண்மையாகவும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் செயலிக்கு இல்லை.

மாமல்லபுரத்தில் எடுத்த ஒரு படத்தைக் கொண்டு இதைப் பார்க்கலாம். அர்ச்சுனன் தபசு (பகீரதன் தவம் என்பாரும் உண்டு) எனப்படும் பெரும் பாறைச் சிற்பத்தின் முன்னே நான்கு பேர் கொண்ட குடும்பம் நிற்கிறது. இடப்பக்கம் தரையில் காலி தண்ணீர் பாட்டில் ஒன்று கிடக்கிறது. வலப்பக்கம், குடும்பத்துக்கும் பாறைக்கும் நடுவே, சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர் குடை பிடித்தபடி செல்பி எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய முழங்கை, கடைசியாக நிற்கும் சிறுமியின் தலைமுடியை உரசுகிறது.

பாட்டிலால் தொல்லை இல்லை. பின்னால் இருப்பது வெறும் மண்தரை. எந்த மண் துண்டை வைத்தாலும் பொருந்தும். ஆனால் பாட்டிலை மட்டும் சுற்றி வட்டம் போட்டால் அதன் நிழல் தரையிலேயே தங்கிவிடும். பொருளைவிடச் சற்றுப் பெரிதாக, நிழலையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். ஈரத்தரையோ குளமோ கருப்புக்கண்ணாடியோ படத்தில் இருந்தால் பிம்பத்தையும் தேடிப் பார்ப்பது நல்லது.

சிவப்புச் சட்டைக்காரர் விஷயம் வேறு. சிறுமியின் முடியோடு ஒட்டிய முழங்கையை நீக்கும்போது முடியின் ஓரம் மழுங்கி, கத்தரித்து ஒட்டியதுபோல் ஆகும். அதனால் ஆளை ஒரே வீச்சில் அழிப்பதைவிட, முதலில் எதனோடும் ஒட்டாத பகுதியை அழித்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி, முடி ஓரத்தைச் சிறு சிறு தீற்றல்களாகக் கடைசியில் தொடுவதே தொழில் தெரிந்தவர்கள் செய்வது. அவருக்குப் பின்னால் கம்பி வேலியோ சுவர் விளிம்போ ஓடினால், அந்தக் கோடு அறுந்து மீண்டும் தொடங்கும் இடம் ஒரே நேராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கோடு வளைந்திருந்தால் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்று, கோட்டுக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை எனப் பிரித்து அழித்தால் சரியாக வருவதுண்டு.

இவ்வளவும் கைத்திறன் சார்ந்தவை. கைத்திறனால் தீராத சிக்கல் குடைக்குப் பின்னால் இருக்கிறது. அந்தச் சிற்பத்தில் பெரிய யானையின் அருகே, கீழ்ப்பகுதியில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்று உண்டு. அதைச் சுற்றி எலிகள். பல்லவச் சிற்பி வேடிக்கையாகச் செதுக்கிய அந்தப் போலித் துறவியைத்தான் குடை மறைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூனை அங்கே இருப்பது செயலிக்குத் தெரியாது. அது பாறையைப் போன்ற ஒன்றை வரையும். நடுவே உருவம் போலவும் உருவம் இல்லாதது போலவும் ஒரு மேடு பள்ளம் வைக்கும். பாட்டி வீட்டுச் சுவரில் மாட்டும் படத்தில் இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் படத்தில் இருப்பது ஆயிரத்து சொச்சம் ஆண்டுப் பழமையான சிற்பமல்ல, நேற்று வரைந்த பாறை. செதுக்கல், எழுத்து, முகம், கோலம் ஆகிய நான்கும் இப்படி ஊகத்தில் எளிதாகக் கெட்டுப்போகின்றன. கல்வெட்டு எழுத்துகளை நிரப்பச் சொன்னால் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் முளைப்பதுகூட உண்டு.

நிரப்பிய இடத்தைக் கண்டுபிடிப்பது சற்றுப் பழக்கம் இருந்தால் கடினமல்ல. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கினால் மற்ற இடங்களில் இருக்கும் புள்ளிப் பொரிவு அந்த இடத்தில் மட்டும் இல்லாமல் வழவழப்பாகத் தெரியும். ஒரே கூழாங்கல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முறை வரும். உரிமையாளர் இல்லாத நிழல் ஒன்று தரையில் நீளும். எங்கே அழித்தோம் என்பது தெரிந்திருப்பதால் அழித்தவரின் கண் அங்கேயே போகும், அல்லது சோர்ந்துபோய் எதையும் காணாது. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் புதுக் கண்ணோடு பார்ப்பதுபோல் குறை தெரியும்.

ஊகத்தைத் தவிர்க்கும் வழி, படம் எடுக்கும்போதே தொடங்க வேண்டும். செல்போனைச் சுவரிலோ கம்பியிலோ அசையாமல் ஊன்றி (தொல்லியல் சின்னங்கள் பலவற்றில் முக்காலி வைக்க அனுமதி வாங்க வேண்டும்), திரையை அழுத்திப் பிடித்து ஒளியையும் குவியத்தையும் பூட்டிவிட்டு, சில விநாடிகளுக்கு ஒன்றாக ஒன்பது படங்கள் எடுத்தால் போதும். கூட்டம் நகர்கிறது, பாறை நகர்வதில்லை. பிறகு கணினியில் ஒன்பது படங்களையும் அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்பது மதிப்புகளில் நடுவில் வருவதை எடுக்கச் சொல்ல வேண்டும். போட்டோஷாப்பில் இதற்கு மீடியன் என்று பெயர். இலவசமான இமேஜ்மேஜிக் மென்பொருளில் ஒரே கட்டளை:

```
magick *.jpg -evaluate-sequence median out.jpg
```

ஏன் நடு மதிப்பு? பாறையின் ஒரு புள்ளியின் வெளிச்சம் ஒன்பது படங்களில் முறையே 141, 139, 140, 60, 140, 142, 62, 139, 141 என்று இருக்கிறது. 60, 62 இரண்டும் சிவப்புச் சட்டை குறுக்கே வந்த தருணங்கள். சிறியதிலிருந்து வரிசைப்படுத்தினால் ஐந்தாவது எண் 140, அது பாறையேதான். சராசரி எடுத்தால் 123-க்கு அருகில் வரும். பாறையின் மேல் மங்கலாக ஓர் ஆவி நிற்கும். ஒரு புள்ளியைப் பாதிக்கும் குறைவான படங்களிலேயே ஒருவர் மறைத்திருந்தால் நடு மதிப்பு அவரைத் தடயமின்றி நீக்கிவிடும். பாதிக்கும் மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் நீங்கமாட்டார். கடலை விற்பவரிடம் இந்த வித்தை பலிக்காது. அசையும் மரக்கிளையும் அலையும் குழம்பிப் போகும்.

குடும்பமும் ஒன்பது படத்துக்கு அசையாமல் நிற்காது. ஆகவே குடும்பத்தை ஒரு முறை எடுத்துவிட்டு, போனை நகர்த்தாமல், சிவப்புச் சட்டைக்காரர் விலகியதும் பின்னணியை மட்டும் இன்னொரு முறை எடுப்பது எளிய வழி. இரண்டாவது படத்தை முதலாவதன் கீழே ஒரு லேயராக வைத்து, மேல் படத்தில் அவர் நின்ற இடத்தை மட்டும் துடைத்தால் கீழிருந்து பூனை எட்டிப் பார்க்கும். இடையில் மேகம் மறைத்து வெளிச்சம் மாறியிருந்தால் அந்தத் துண்டு மட்டும் வெளிறித் தெரியும் என்பதுதான் இதன் குறை. நகர்பவர்கள் மறைவதும் நிற்பவர் தங்குவதும் புகைப்படக் கலையின் தொடக்கத்திலேயே நடந்ததுதான். 1838-இல் டாகேர் பாரிஸ் வீதி ஒன்றை எடுத்தபோது ஒளிபடுத்த நிமிடக்கணக்கில் ஆயிற்று. நடமாடிய கூட்டம் பதியாமல் போய், காலணிக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர் மட்டும் அடையாளம் தெரியும்படி பதிந்தார்.

இனி, எதுவரை செய்யலாம் என்ற கேள்வி. நீக்கும் பொருள் அங்கே எவ்வளவு நேரம் இருக்கும் என்பது முதல் அளவுகோல். குடைக்காரரும் பாட்டிலும் பத்து நிமிடம் கழித்து இருக்கமாட்டார்கள். அவர்களை நீக்கினால் பத்து நிமிடம் காத்திருந்து எடுத்த படத்துக்கு ஏறக்குறைய சமம். மின்கம்பியும் செல்போன் கோபுரமும் கம்பி வேலியும் அப்படியல்ல. அவை இல்லாத அந்த இடம் உலகில் எங்கும் இல்லை. கூட்டமும் சில நேரம் நிரந்தரப் பொருளைப் போன்றதுதான். காணும் பொங்கல் அன்று எடுத்த மெரினா படத்தில் ஆளே இல்லையென்றால், அது மெரினாவாக இருக்கலாம், காணும் பொங்கலாக இருக்க முடியாது.

இரண்டாவது அளவுகோல், படத்தைப் பார்ப்பவர் அதை நம்பி என்ன செய்யப்போகிறார் என்பது. வீட்டு ஆல்பத்தில் கம்பி வேலியை நீக்கினால் யாருக்கும் நட்டமில்லை. அதே நீக்கத்தை விடுதி நடத்துபவர் தன் அறையின் சன்னலுக்கு வெளியே இருக்கும் கோபுரத்துக்குச் செய்து விளம்பரத்தில் போட்டால், அந்தக் காட்சிக்காகவே பணம் கட்டியவர் ஏமாறுகிறார். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான எண்ணம் தரும் விளம்பரத்தைக் குற்றம்சாட்ட இடம் தருகிறது. செய்திப் படத்தில் பாட்டிலுக்கும் இடமில்லை. சிரியப் போரில் எடுத்த படத்தின் மூலையிலிருந்து சக பத்திரிகையாளர் ஒருவரின் வீடியோ கேமராவை நீக்கியதற்காக, 2014-இல் ஏபி நிறுவனம் புலிட்சர் பரிசு பெற்ற ஒளிப்படக்காரரோடு உறவையே முறித்துக்கொண்டது. படத்தின் செய்தி அதனால் மாறவில்லை. ஆனால் ஒரு பொருளை எடுத்தவர் மற்றொன்றை எடுக்கமாட்டார் என்று வாசகர் எப்படி நம்புவது என்பதே அங்கே கேள்வி. புகைப்படப் போட்டிகள் பலவும் இந்தக் கோட்டையே பிடித்துக்கொள்கின்றன. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம், உள்ளிருப்பதை நீக்கக் கூடாது. சிற்பம் பற்றிய கட்டுரைக்கோ பாடத்துக்கோ போகும் படத்திலும் இதே கண்டிப்பு பொருத்தமானது. அங்கே குடை இருக்கட்டும். பூனை இல்லாத பாறையைவிடக் குடை தெரியும் பாறை மேல்.

நீக்குவது கடமையாகும் நேரமும் உண்டு. முன்பின் தெரியாத ஒருவரின் குழந்தை பின்னணியில் தெளிவாகத் தெரிகிறது, படம் பொதுவெளியில் போகிறது என்றால், முகத்தை மங்கலாக்குவதோ அழிப்பதோ அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் மரியாதை. இங்கே மங்கலாக்குவதே நேர்மையான வழி. ஒருவர் அங்கே இருந்தார் என்பதை அது மறைப்பதில்லை.

மூலப்படத்தை எப்போதும் தனியாக வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான செயலிகள் திருத்தியதை வேறு நகலாகச் சேமிக்கின்றன, அல்லது மூலத்துக்குத் திரும்பும் பொத்தான் தருகின்றன. நீக்கப்பட்டது என்ற குறிப்பைச் சில செயலிகள் கோப்பின் உள்விவரத்தில் எழுதியும் வைக்கின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்விவரம் உதிர்ந்துபோகும் என்பதால், வெளியாருக்குப் போகும் படத்தின் கீழே "பின்னணியில் இருந்தவர்கள் நீக்கப்பட்டுள்ளனர்" என்று எழுதிவிடுவதே போதுமான அறிவிப்பு.