பால்கனிக் கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

சென்டரிங் அடித்து, கம்பி கட்டி முடித்த தளத்தில் கான்கிரீட் கொட்டுவதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்தாக வேண்டும். பெரிய சைட்டுகளில் இது அச்சடித்த படிவமாகவே இருக்கும். சொந்த வீடு கட்டுபவர்களின் சைட்டில் பெரும்பாலும் தாளே கிடையாது. இன்ஜினியர் மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “போடலாம்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

தாள் இருக்கும் இடத்திலும் அதில் எழுதியிருப்பது பெரும்பாலும் இப்படித்தான்: “சென்டரிங் உறுதியாக உள்ளது.” “கம்பி வரைபடத்தின்படி கட்டப்பட்டுள்ளது.” “கவர் போதுமானது.” ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். மேலே ஏறாமலே, டீ குடித்துக்கொண்டே இவற்றை நிரப்பிவிடலாம். தாளை நிரப்புகிறவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். ‘உறுதி’, ‘போதுமானது’ என்பதற்கு அவர் மனதில் உள்ள அளவு ஒன்று, வடிவமைத்தவர் மனதில் உள்ள அளவு வேறு. கேள்வியைக் கேட்ட விதத்திலேயே கோளாறு இருக்கிறது. இதை ஒரு பால்கனியை வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும்.

அறையின் மேல்தளம் சுற்றிலும் சுவரிலோ பீமிலோ உட்கார்ந்திருக்கிறது. பாரம் ஏறினால் நடுவில் தொய்யப் பார்க்கும். அப்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் அறையின் நடுவில் முக்கியக் கம்பிகள் அடியில் போகின்றன. பால்கனியில் எல்லாம் தலைகீழ். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம், மறுபக்கம் அந்தரம். நுனி கீழே இறங்கப் பார்க்கும்போது மேற்பக்கம் இழுபடுகிறது. ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். சன்ஷேடுக்கும் இதே கதைதான்.

மேலே இருக்கும் கம்பிக்கு ஒரு தொல்லை உண்டு. அடிக்கம்பி கவர் பிளாக் மேல் உட்கார்ந்திருக்கும், அதை மிதித்தாலும் பெரிதாக இறங்காது. மேல் கம்பியோ ‘சேர்’ எனப்படும் வளைத்த கம்பிக் கால்களின் மேல் நிற்கிறது. சேர் குறைவாக இருந்தால், கான்கிரீட் சட்டியோடு நான்கு பேர் அதன்மேல் நடந்தாலே போதும், கம்பி அமுங்கிவிடும். கான்கிரீட் மூடிய பிறகு மேலே இருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

கணக்கைப் பார்ப்போம். சுவரிலிருந்து 4 அடி, அதாவது 1.2 மீட்டர் வெளியே நீளும் பால்கனி. தடிமன் 150 மில்லிமீட்டர், ஏறத்தாழ 6 அங்குலம். கடற்கரையிலிருந்து தள்ளிய ஊர், ஆனால் மழை படும் இடம். இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 456 (2000-ஆம் ஆண்டுப் பதிப்பு) இப்படிப்பட்ட இடத்துக்குக் கேட்கும் கவர் 30 மி.மீ. கம்பி 10 மி.மீ. கனம். மேலிருந்து 30 கவர், கம்பியில் பாதி 5. ஆக, தளத்தின் அடியிலிருந்து கம்பியின் மையம் வரை 115 மி.மீ. தளத்துக்குப் பலம் தருவது இந்த உயரம்தான், 150 அல்ல. கம்பி 40 மி.மீ. அமுங்கிவிட்டது என்றால் 115 என்பது 75 ஆகிவிடும். அதே கம்பி, அதே சிமெண்ட், அதே செலவு. தாங்கும் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. தளத்தைத் தடிமனாகப் போட்டு இதை ஈடுகட்டப் பார்ப்பவர்கள் உண்டு. கூடுவது பெரும்பாலும் பாரம்தான்.

இனி “கவர் போதுமானது” என்ற வரிக்குப் பதில் என்ன எழுதலாம்?

“பால்கனி மேல் கம்பி: சென்டரிங் தகட்டிலிருந்து கம்பியின் மேல் விளிம்பு வரை 120 மி.மீ. 110-க்குக் குறையவும் 120-ஐத் தாண்டவும் கூடாது. சுவர் முகத்துக்கு நேரே மூன்று இடங்களில் அளந்தது: ____, ____, ____.”

110 முதல் 120 வரை என்ற எல்லை நான் இட்டுக்கட்டியது அல்ல. குறியீட்டின்படி கவர் சொன்ன அளவைவிட 10 மி.மீ. வரை கூடலாம், ஆனால் துளியும் குறையக் கூடாது. 30 என்றால் 40 வரை போகலாம், 29 ஆகாது. அதைத்தான் தகட்டிலிருந்து அளக்கத் தோதாகத் திருப்பிப் போட்டிருக்கிறேன். கவரை நேராக அளக்க முடியாது, ஏனென்றால் கான்கிரீட்டின் மேற்பரப்பு இன்னும் பிறக்கவே இல்லை. தகடு கண்முன்னே இருக்கிறது; டேப்பை நிறுத்தினால் எண் வந்துவிடும். அதற்கு முன் பக்கப்பலகையில் தளத்தின் மேல்மட்டம் 150-இல் குறித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது தவறினால் மற்ற எண்கள் எல்லாம் வீண்.

‘சுவர் முகத்துக்கு நேரே’ என்ற சொற்களும் முக்கியம். பால்கனியில் இழுப்பு அதிகம் விழுவது பிடிமானத்துக்கு அருகில்தான், நுனியில் மிகக் குறைவு. இடத்தைச் சொல்லாவிட்டால், பக்கப்பலகை ஓரத்தில் டேப் எளிதாக எட்டுகிறதே என்று நுனியிலேயே மூன்று அளவையும் எடுத்துவிடுவார்கள்.

அடுத்து இடைவெளி. வரைபடம் 150 மி.மீ.-க்கு ஒரு கம்பி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். “இடைவெளி சரியா?” என்று கேட்டால், கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஓர் இடைவெளியை அளந்து ‘சரி’ என்பார்கள். “தொடர்ச்சியாக 10 இடைவெளிகளின் மொத்த நீளம்: ____ (1500 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது)” என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் ஒரு விரல் தள்ளிப் போயிருந்தால் பத்தில் அது பளிச்சென்று தெரிந்துவிடும்.

கம்பி உள்பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கும் அப்படியே ஒரு வரி வேண்டும்: சுவர் முகத்திலிருந்து உள்ளே, வரைபடத்தில் கேட்டது இவ்வளவு, அளந்தது இவ்வளவு. வெளியே நீட்டியிருக்கும் கம்பியை உள்ளே பிடித்து வைப்பது அந்த நீளம்தான். கம்பி மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் முதலில் கைவைப்பதும் அங்கேதான். சேர்களுக்கு எத்தனை மீட்டருக்கு ஒன்று என்று வடிவமைத்தவரிடம் கேட்டு எண்ணாகவே எழுதிக்கொள்ளலாம். கவர் பிளாக் இல்லாமல் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்திருந்தால் எடுத்துப் போடச் சொல்ல வேண்டும். அதற்கு வரி எல்லாம் தேவையில்லை.

சென்டரிங் பக்கம் வருவோம். பச்சைக் கான்கிரீட், கம்பியோடு சேர்த்து, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,600 கிலோ. 150 மி.மீ. தளம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 390 கிலோ. மீட்டருக்கு ஒரு முட்டு நிறுத்தியிருந்தால், ஆட்களும் வைப்ரேட்டரும் ஓரிடத்தில் குவிந்த கான்கிரீட்டும் சேர்ந்து ஒரு முட்டின் தலையில் அரை டன்னுக்கு மேல் வந்துவிடலாம். “உறுதியாக உள்ளது” என்பது இதற்குப் பதிலே ஆகாது. இங்கே எனக்குப் பிடித்த முறை, நல்லதைக் கேட்காமல் குறையை எண்ணச் சொல்வது:

“மொத்த முட்டுகள்: ____. அடியில் பலகை இல்லாமல் மண்ணில் நிற்பவை: ____. செங்கல் அடுக்கி உயரம் கூட்டியவை: ____. ஆப்பு ஆடுபவை: ____.”

பின்னால் உள்ள மூன்றும் 0 ஆக வேண்டும். நிழலில் உட்கார்ந்தபடி 0 எழுதுகிறவரும் இருப்பார்தான். அதனால்தான் மொத்த எண்ணிக்கையையும் கேட்பது. 34 என்று எழுத, முட்டுகளுக்கு நடுவே ஒருமுறையாவது குனிந்து போயாக வேண்டும். போனால் ஆடுகிற ஆப்பு கண்ணில் படாமல் போகாது.

பால்கனி முட்டுகளுக்கென்று தனிக் கவலை ஒன்று உண்டு. தரைத்தளத்தில் அவை நிற்பது அஸ்திவாரம் தோண்டி மூடிய மண்ணின்மேல். பார்க்கக் கெட்டியாக இருக்கும். ஓர் இரவு மழை பெய்தால் அமுங்கும். மாடியில் நிலைமை இன்னும் மோசம். மேல் பால்கனியின் முட்டுகள் கீழ்ப் பால்கனியின்மேல் நிற்கின்றன. கீழ்ப் பால்கனி போட்டுச் சில வாரங்களே ஆகியிருக்கும், அதன் முட்டுகளை வேறு வேலைக்கு என்று கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். சொந்தப் பாரத்தைத் தாங்கப் பழகாத அந்தரத் தளத்தின் தலையில் இன்னொரு தளத்தின் பச்சைக் கான்கிரீட் ஏறும். ஆகவே “கீழ்த்தளப் பால்கனிக்கு அடியில் முட்டுகள் உள்ளன: ____ எண்ணிக்கை” என்ற வரி இல்லாத தாளை நான் நம்பமாட்டேன்.

ஒப்புதல் எழுதும் இடத்தில்தான் பல தாள்கள் வழுக்குகின்றன. “சிறு திருத்தங்களுடன் ஒப்புதல்” என்று ஒரு கட்டம் இருக்கும். எந்தத் திருத்தம், யார் பார்ப்பது என்பது அதில் இருக்காது. ரெடிமிக்ஸ் லாரி வாசலில் நின்றுவிட்டால் அந்தத் திருத்தம் நடக்கவே நடக்காது. இரண்டே கட்டங்கள் போதும்: “கான்கிரீட் போடலாம்”, “போடக் கூடாது, இவற்றைச் சரிசெய்து மறுபடி அளந்து காட்டவும்.” முதல் கட்டத்தில் கையெழுத்து விழுந்த பிறகுதான் லாரிக்குச் சொல்ல வேண்டும். கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரமும் வேண்டும், “இரவு மழை பெய்தாலோ, 24 மணி நேரம் தாண்டினாலோ இந்த ஒப்புதல் செல்லாது” என்ற வரியும் வேண்டும். 24 என்பது குறியீட்டு எண் அல்ல, என் கணக்கு. வேறு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஏதாவது ஓர் எண் இருக்கட்டும். கம்பி கட்டிய கான்ட்ராக்டரே ஒப்புதலும் போடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். சில படிவங்களைப் பார்த்தபின் சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றுகிறது.

இந்தத் தாளால் ஆகாத காரியமும் உண்டு. வரைபடமே தப்பாக இருந்தால் இது கண்டுபிடிக்காது. 12 மி.மீ. வேண்டிய இடத்தில் 10 மி.மீ. என்று வரைந்திருந்தால், தாள் 10-ஐத்தான் சரிபார்க்கும். அறுபது எழுபது வரிகள் வைத்தாலும் பயனில்லை, பத்தாவது வரிக்குமேல் கை தானாக டிக் போடும். வீட்டுத் தளத்துக்கு ஒரு பக்கம் போதும். அதில் பாதியைப் பால்கனிக்கும் முட்டுக்கும் கொடுத்தால் தவறில்லை.

கடைசி வரி ஒன்று, ஒப்புதலுக்குப் பிறகு நிரப்ப வேண்டியது. காலையில் 118 என்று அளந்த கம்பி, பதினோரு மணிக்கு அத்தனை கால்கள் மிதித்தபின் 118-இல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நடப்பதற்குக் கம்பியைத் தொடாத தனிப் பலகைப் பாதை போட்டிருக்கிறதா என்பதை முன்பே பார்த்திருக்க வேண்டும். அதோடு, “பால்கனிப் பகுதியில் கான்கிரீட் விழுவதற்குச் சற்று முன் மறுபடி அளந்தது: ____, ____, ____, அளந்தவர்: ____, நேரம்: ____” என்றும் எழுத இடம் விடுங்கள். 95 என்று வந்தால் அந்தப் பக்கம் கொட்டுவதை நிறுத்தி, கம்பியைத் தூக்கி, கூடுதல் சேர் கொடுத்து, திரும்ப அளந்துவிட்டுத்தான் தொடர வேண்டும். நாலைந்து சேரும் கட்டுக்கம்பியும் அப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பத்து நிமிட வேலை. கான்கிரீட் மூடிய பிறகு அந்தக் கம்பியைத் தூக்க வழியில்லை.