எட்டு மணித் தாளில் முதல் பெயர்

எலும்பு முறிவு வார்டில் இரவு எட்டு மணி. பகல் டாக்டர்கள் கிளம்பும் நேரம். வார்டு முழுவதும் ஒரே ஒரு டியூட்டி டாக்டரின் பொறுப்புக்கு வருகிறது. காஷுவாலிட்டியில் புதிதாக வரும் விபத்துக் கேஸ்களையும் அவர்தான் பார்க்க வேண்டும். அவர் சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கும் ஒற்றைத் தாளுக்கு ‘ஹேண்ட்ஓவர்’ என்று பெயர்.

முன்பெல்லாம் இதைப் படுக்கை எண் வரிசையில்தான் எழுதுவார்கள். எழுதுபவருக்கு அது சுலபம். ஆனால் 1ஆம் படுக்கையில் மறுநாள் வீட்டுக்குப் போகப்போகிறவரும், 14ஆம் படுக்கையில் காலையே இழக்கக்கூடியவரும் இருந்தால், யாரை முதலில் பார்ப்பது என்று அந்த வரிசை சொல்லாது.

ஒரு கற்பனை வார்டை எடுத்துக்கொள்வோம். 14ஆம் படுக்கையில் 24 வயது இளைஞர். பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாலை நான்கு மணிக்கு மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஆறு மணிக்கு வலி ஊசி போட்டாயிற்று. ஏழரைக்கு மறுபடியும் ஊசி கேட்கிறார். பார்வைக்கு ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது. ஆனாலும் தாளில் முதல் பெயர் அவருடையதுதான்.

காரணம் இதுதான். கெண்டைக்காலின் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து, நீளாத உறைகளுக்குள் இருக்கின்றன. முறிந்த இடத்தில் ரத்தம் கசிந்து வீங்கினால், உள்ளே அழுத்தம் ஏறும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கும். தசை பட்டினி கிடக்கும். சுமார் ஆறு மணி நேரம் அப்படியே போனால் தசையும் நரம்பும் மீளாமல் போகலாம். பாதத்தில் நாடி துடிக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது. பெரிய தமனி கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கும். காயத்துக்குப் பொருந்தாத, மருந்துக்கு அடங்காத வலியும், கால் விரல்களை மெல்ல மடக்கி நீட்டும்போது உயிர் போவதுபோல் வலிப்பதும்தான் முதலில் தெரியும் அடையாளங்கள்.

ஆகவே ‘14ஆம் படுக்கையைக் கவனிக்கவும்’ என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். நல்ல தாளில் இப்படி இருக்கும்: ‘மணிக்கு ஒருமுறை விரல்களை அசைத்துப் பார்க்கவும். கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தொடு உணர்வு இருக்கிறதா பார்க்கவும். வலி கூடினால் கட்டையும் உள்ளே இருக்கும் பஞ்சையும் தோல்வரை வெட்டித் திறக்கவும். காலை இதய மட்டத்தில் வைக்கவும். அப்படியும் அடங்காவிட்டால் சீனியரையும் தியேட்டரையும் உடனே கூப்பிடவும். பரிசோதிக்காமல் அடுத்த வலி ஊசி வேண்டாம்.’ கடைசி வரிதான் முக்கியம். அசந்து தூங்கும் நோயாளி வலியைச் சொல்ல மாட்டார். தசை உறையைக் கீறி அழுத்தத்தை விடுவிக்கும் அறுவை சிகிச்சை மட்டுமே பிறகு காலைக் காப்பாற்றும்.

இரண்டாவது பெயர் 3ஆம் படுக்கைப் பாட்டி. வயது 72, இடுப்பெலும்பு முறிவு, காலையில் முதல் ஆபரேஷன். மாலை ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.9 இருந்தது. அது உண்மையிலேயே கூடுதலா, எடுத்த ரத்தத்தில் செல்கள் உடைந்ததால் வந்த பொய்க் கணக்கா என்று தெரிய மறுபடியும் ரத்தம் அனுப்பியிருக்கிறார்கள். ‘முடிவு ஒன்பதரைக்கு வரும். 6 அல்லது மேலே இருந்தால் உடனே இ.சி.ஜி., பொது மருத்துவ டியூட்டி டாக்டருக்கும் மயக்க மருத்துவருக்கும் போன்.’ யார், எப்போது, என்ன வந்தால் என்ன செய்வது என்ற மூன்றும் இல்லாத பாக்கி வேலை, விடியும்வரை பாக்கியாகவே கிடக்கும். தியேட்டர் வாசலில் ஆபரேஷன் தள்ளிப்போவதும், பாட்டி இன்னொரு நாள் வெறும் வயிற்றோடு கிடப்பதும் பல நேரங்களில் இப்படித்தான்.

மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி போதும்.

அவசரத்தை முதலில் சொல்லும் இந்த முறைக்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் ‘ஐ-பாஸ்’ என்ற ஹேண்ட்ஓவர் முறையைக் கொண்டுவந்தபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014இல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் முதல் அங்கம் நோயின் தீவிரம். கடைசி அங்கம், கேட்டவர் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வது. இரண்டாவதைத்தான், வீட்டுக்குப் போகும் அவசரத்தில், முதலில் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இடமில்லாமல் வேறு வார்டில் படுத்திருக்கும் எலும்பு முறிவு நோயாளி, படுக்கை எண்படி எழுதிய தாளில் வரவே மாட்டார். அந்த வார்டு நர்ஸ் நள்ளிரவில் போன் செய்யும்போதுதான் அப்படி ஒருவர் இருப்பதே டியூட்டி டாக்டருக்குத் தெரியவரும். அதனால் சில யூனிட்களில் தாளை எழுதத் தொடங்கும் முன்பே வெளிவார்டு பெயர்களை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு அவரவர் அவசரப்படி வரிசையில் சேர்க்கிறார்கள்.